செவ்வாய்க்கிழமை வயிற்றுவலி: கடன்பட்ட வீட்டில் பிள்ளைக்கு எவ்வளவு சொல்வது? ஒரு நிகழ்வு ஆய்வு

அந்தக் கொப்பியை வகுப்பாசிரியை என் மேசையில் கொண்டுவந்து வைத்தபோது, எழுத்து அழகில்லை என்று முறைப்பாடு செய்ய வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். திறந்து பார்த்தால் எழுத்தில் ஒரு பிழையும் இல்லை. ஒரு கோட்டுக்குள் இரண்டு வரி எழுதியிருந்தான், அவ்வளவுதான். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. ஓரத்தில் கோடு போட்டு ஒதுக்குகிற இடமும் நிரம்பியிருந்தது. அட்டையின் உட்பக்கத்தில் கணக்குச் செய்து அழித்து, அதன்மேல் மறுபடியும் செய்திருந்தான். "பெரிசா எழுது எண்டு சொன்னா, கொப்பி முடிஞ்சிரும் டீச்சர் எண்டு சொல்றான்," என்றார் அவர்.

தரம் 4, ஒன்பது வயது. மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் ஒரு கிராமம். நான் அந்தப் பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியை. பெற்றோரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

வரவு இடாப்பைப் பார்த்தோம். அந்தத் தவணையில் அதுவரை ஒன்பது செவ்வாய்க்கிழமைகள் பாடசாலை நடந்திருந்தது. ஆறில் அவன் இல்லை. மற்ற நாட்களில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. வயிற்றுவலி என்று தாய் கடிதம் கொடுத்திருந்தார். கிராமிய வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய், பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று. பிள்ளைகளுக்குப் பயத்தில் வருகிற வயிற்றுவலி பொய்வலி அல்ல, உண்மையாகவே வலிக்கும். ஆனால் நோயால் வருகிற வலி கிழமை பார்த்து வராது. குறித்த ஒரு நாளில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால், அந்த நாளில் என்ன நடக்கிறது என்று தேடவேண்டும். பாடசாலையில் செவ்வாய்க்கிழமை வித்தியாசமாக எதுவும் இல்லை. அப்படியென்றால் தேடவேண்டிய இடம் வீடு.

அவனிடம் நேரடியாக ஒன்றும் கேட்கவில்லை. கடுதாசியும் பென்சிலும் கொடுத்து, செவ்வாய்க்கிழமை காலையில் உங்கட வீட்டைக் கீறிக் காட்டு மனே என்றேன். படலை, அதற்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள், தலைக்கவசம் கழற்றாத ஒருவர். படலைக்கு உள்ளே ஒரு சின்னப் பையன். வீட்டுக்குள்ளே ஒரு கட்டில், கட்டிலுக்குப் பின்னால் இரண்டு கால்கள்.

"இது ஆர்ர கால்?"

"அம்மாட."

"நீ அதில நிண்டு என்ன செய்றாய்?"

"அம்மா இல்ல, கடைக்குப் போயிட்டா எண்டு சொல்லணும். நான் பிழையாச் சொன்னா அம்மாவப் புடிச்சிட்டுப் போயிருவாங்க."

இந்த ஒரு பதிலில் எல்லாம் விளங்கிவிட்டது. இந்தப் பிள்ளை பாடசாலைக்குப் பயந்து வீட்டில் நிற்கவில்லை. தாயைக் காவல் காக்க நிற்கிறான். விடுமுறைக் காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, கடன் அறவிட வந்தவரிடம் அப்படிச் சொல்லும்படி தாய் அவனை அனுப்பியிருக்கிறார். அன்று அந்த ஆள் திரும்பிப் போய்விட்டார். தான் சொன்னதால்தான் அம்மா தப்பினார் என்று பிள்ளை முடிவெடுத்துவிட்டான். பாடசாலை தொடங்கியபின் அந்த வேலையைச் செய்ய அங்கே ஆள் இல்லை. வயிறு வலித்தது.

தாய் தகப்பன் இருவரையும் வரச்சொன்னேன். தகப்பன் மேசன். 2022இல் சீமெந்து மூட்டை மூவாயிரம் ரூபாயை ஒட்டிப் போனபோது ஊரில் பாதி வீடுகள் கட்டியது கட்டியபடி நின்றன. கிழமைக்கு ஆறு நாள் வேலை இரண்டு நாளாகிப் போனது. தாய் பெண்கள் குழுவில் எடுத்த இரண்டு லோன்களுக்கும் சேர்த்துக் கிழமைக்கு 3,400 ரூபாய் கட்டவேண்டும். வேலை குறைந்த பிறகும் ஒன்றைக் கட்ட மற்றதை எடுத்துச் சமாளித்து, கடைசியில் வீட்டு உறுதியை ஒருவரிடம் ஈடு வைத்து மூன்று லட்சம் வாங்கியிருக்கிறார்கள். அதன் பிறகும் கிழமைக்காசு நின்றுபோனது.

"அவனுக்கு ஒண்டும் தெரியாது டீச்சர்," என்றார் தகப்பன். "சின்னப் புள்ளைக்கு ஏன் இதெல்லாம்? நாங்க அவனுக்கு முன்னால கதைக்கிறதே இல்ல."

படத்தை எடுத்து மேசையில் வைத்தேன். தாய் அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொலுசுகூடக் கீறியிருந்தான். அந்தக் கொலுசு அடகுக் கடைக்குப் போய் ஆறு மாதம் ஆகிறதாம்.

பெரும்பாலான பெற்றோர் "எவ்வளவு சொல்வது" என்று கேட்கும்போது, பிள்ளை இப்போது வெறும் பலகை என்று வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். சொன்னால்தான் அதில் எழுத்து விழும் என்று. வீட்டில் காசுப் பிரச்சினை வந்து மூன்று மாதமானால் வெறும் பலகை என்று ஒன்று இருக்காது. குழுக் கடனில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும். அந்த மற்றவர்கள் பக்கத்து வளவுக்காரர்கள். அவர்களின் பிள்ளைகள் இவனோடு ஒரே வாங்கில் இருக்கிறார்கள். "உங்கட அம்மா கட்டல்லயாம்" என்று இவனுக்கு முதலில் சொன்னது அவர்களில் ஒருவன்தான். இவனிடம் ஏற்கெனவே ஒரு கதை இருந்தது: அம்மா ஏதோ குற்றம் செய்திருக்கிறா, பொலிஸ் தேடுது, நான் பொய் சொல்லிக் காப்பாற்றுகிறேன். உண்மையான நிலைமை இந்தக் கதையைவிட எவ்வளவோ இலேசானது. ஒன்பது வயதுப் பிள்ளை தெரியாத இடத்தை வெறுமையாக விடாது, தன்னை நடுவில் வைத்து நிரப்பிக்கொள்ளும்.

பொலிஸ் எங்கிருந்து வந்தது என்று தேடினோம். ஒரு கடன் தொடர்பாக மத்தியஸ்த சபையிலிருந்து தாய்க்கு அழைப்புக் கடிதம் வந்திருந்தது. அதை அலுமாரி மேல் ஒளித்து வைத்திருந்தார்கள். தரம் 4 பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்பதைப் பெரியவர்கள் எப்படியோ மறந்துவிடுகிறோம். மேலே அரச இலச்சினை, உள்ளே "சமுகமளிக்கவும்" என்று ஒரு சொல். அது போதுமாயிருந்தது.

இந்த வீட்டில் இன்னொரு பிள்ளையும் இருக்கிறாள். மூத்தவள், பதினாறு வயது, சாதாரண தரம் எழுத இருக்கிறாள். அவளைப் பற்றிப் பெற்றோருக்குக் கவலையே இருக்கவில்லை. "அவள்தான் எனக்குத் துணை, எல்லாம் அவளுக்குத் தெரியும்," என்று தாய் பெருமையோடு சொன்னார். உண்மைதான். கணக்குக் கொப்பியை அவள்தான் வைத்திருந்தாள். லோன்காரர் எடுக்கிற அழைப்புகளுக்கு அவள்தான் பதில் சொன்னாள். இரவில் தகப்பன் படுத்தபின் தாய் அடுப்படியில் இருந்து அழுவதையும் அவள்தான் கேட்டாள். என்னிடம் வந்தபோது ஒன்றைத்தான் கேட்டாள்: "ஓ.எல். எழுதாம கார்மன்ட்ஸுக்குப் போனா, எவ்வளவு காலத்தில மூண்டு லட்சம் சேக்கலாம் டீச்சர்?"

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மூத்தவளுக்கென்று தாய் தகப்பன் வீடு கட்டுவார்கள், அல்லது தாங்கள் இருக்கிற வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஒரு குடிலுக்குப் போவார்கள். இந்த வீட்டின் முதல் லோன் எடுக்கப்பட்டது சுவருக்குப் பூச்சுப் பூசி நிலம் போடத்தான். "எல்லாம் உனக்காகத்தான் புள்ள" என்று தாய் பாசத்தோடுதான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளையின் காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்கிறது: நான் பெண்ணாகப் பிறந்ததால்தான் இந்தக் கடன்.

ஆக, ஒரே கூரைக்குக் கீழே ஒருவனுக்குக் குறைத்துச் சொல்லியும் இன்னொருத்திக்குக் கூட்டிச் சொல்லியும் ஒரே காயம்தான் ஏற்பட்டிருந்தது. இரண்டு பேருமே குடும்பத்தைக் காப்பாற்றும் பொறுப்பைத் தங்கள் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதைத்தான்: எத்தனை ரூபாய் என்று சொன்னோமா இல்லையா என்பதைவிட, சொன்னதோடு சேர்த்து, அல்லது சொல்லாமல் விட்டதோடு சேர்த்து, பிள்ளைக்கு என்ன வேலை கொடுத்தோம் என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். காசு விபரம் சுமையாவது அதோடு ஒரு கடமையும் ஒட்டிக்கொண்டு வரும்போதுதான்.

பிள்ளைகளிடம் பேசுவதற்கு முன் பெற்றோர் இருவரும் தங்களுக்குள் பேசவேண்டியிருந்தது. இரண்டாவது லோனின் முழுத் தொகை தகப்பனுக்கு அன்றுதான் தெரியவந்தது. என் அறையில் நல்ல சண்டை. அதை அங்கேயே முடிக்கவிட்டேன், ஏனென்றால் அது வீட்டில் நடந்திருந்தால் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1980களின் விவசாய நெருக்கடியில் அடிபட்ட குடும்பங்களை ராண்ட் காங்கர், கிளென் எல்டர் என்ற ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். காசுமுட்டு பிள்ளையைப் பெரும்பாலும் நேராகத் தாக்குவதில்லை, பெற்றோரின் மனச்சோர்வும் அவர்களுக்குள் வரும் பிணக்கும் பிள்ளைமேல் பாய்கிற எரிச்சலும்தான் அதைப் பிள்ளையிடம் கொண்டுசேர்க்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள். படுவான்கரையிலும் நான் கண்டது அதுதான்.

பிறகு ஒரு தாளில் சின்னவனின் ஒரு கிழமையை எழுதினோம். அவன் காலையில் எழும்புவது முதல் படுப்பது வரை இந்தக் கடன் எங்கெங்கே அவனைத் தொடுகிறது? செவ்வாய்க்கிழமை படலையில். ஒரு பாடத்துக்கு ரியூசன் நின்றதில். சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்காததில். அந்தக் கடிதத்தில். பெடியன் ஒருவன் சொன்ன சொல்லில். இவை எல்லாவற்றுக்கும் அவனுக்கு விளக்கம் வேண்டும். ஈடு வைத்த உறுதி, மூன்று லட்சம், யார் யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் அவனுடைய நாளைத் தொடவில்லை, அவனால் அதில் செய்யக்கூடியதும் ஒன்றுமில்லை. அதைச் சொல்லத் தேவையில்லை. கேட்டால் மட்டும் பொய் சொல்லாமல், "அது பெரியாக்களிட கணக்கு மனே, நாங்க பாத்துக்கொள்றம்" என்று சொன்னால் போதும்.

தாய்க்கு ஒரு வாக்கியம் சொல்ல ஆசையாயிருந்தது: "அம்மா உன்ன விட்டுட்டு எங்கயும் போக மாட்டன்." அதை வேண்டாம் என்றேன். கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போவதா என்ற பேச்சு அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்தது, முடிவாகவில்லை. இன்று கொடுத்த வாக்கு ஆறு மாதத்தில் உடைந்தால், அதற்குப் பிறகு அவர்கள் சொல்லும் எந்த ஆறுதலையும் அவன் நம்பமாட்டான். காப்பாற்றக்கூடியதை மட்டும் சொல்லுங்கள் என்றேன். "அப்படி ஏதும் மாறுறதா இருந்தா, மற்றாக்களிட்ட கேட்டு நீ அறிய மாட்டாய், நானே முதல்ல உனக்குச் சொல்லுவன்" என்று மாற்றினோம். அது அவர்களால் காப்பாற்ற முடிந்த வாக்கு.

நேரமும் தெரிந்தெடுத்தோம். இரவு வேண்டாம், பேசிவிட்டுப் படுக்கப் போனால் பிள்ளை இருட்டில் தனியாக யோசிக்கும். திங்கட்கிழமை பின்னேரமும் வேண்டாம், அடுத்த நாள் செவ்வாய். சனிக்கிழமை காலை, விறாந்தையில், இருவரும் சேர்ந்து. தாய் சொன்னதை அவரே பிறகு எனக்குத் திருப்பிச் சொன்னார்:

"வீட்டு வேலைக்கு அம்மா கொஞ்சக் காசு கடன் எடுத்த. அப்பாக்கு வேலை குறைஞ்சதால நேரத்துக்குக் கட்ட ஏலாமப் போச்சு. கடன் கட்டப் பிந்தினதுக்கு அம்மாவப் பொலிஸ் பிடிக்காது. அந்தக் கடிதம் பொலிஸில இருந்து வந்ததில்ல. மூண்டு பேர் மேசையில இருந்து, ரெண்டு பக்கத்துக் கதையையும் கேட்டு, எப்படிக் கட்டலாம் எண்டு பேசித் தருவாங்க. உன்னப் பொய் சொல்லச் சொன்னது அம்மாட பிழை. இனிச் செவ்வாக்கிழமை அந்த ஆளோட நான்தான் கதைப்பன். நீ பள்ளிக்கூடம் போ. சோறு இருக்கும், பள்ளிக்கூடம் இருக்கும், கொப்பியும் வாங்கலாம். சுற்றுலா இந்த முறை ஏலாது."

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. வாங்கிய கடனைக் கட்ட முடியாமற்போவது இங்கே சிவில் விவகாரம். காசோலை திரும்புவது, மோசடி செய்வது வேறு. மத்தியஸ்த சபைகள் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்குகின்றன. தண்டம் விதிக்கவோ மறியலில் போடவோ அவற்றுக்கு அதிகாரம் இல்லை. இணங்கினால் அதற்கொரு சான்றிதழ், இணங்காவிட்டால் அதற்கொரு சான்றிதழ், அவ்வளவுதான். பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் ஏதாவது பாடசாலைக் கட்டடத்தில்தான் கூடும். "உன்ர வகுப்பு மாதிரி ஒரு வகுப்பில" என்று தாய் சொன்னதும் அவன் முகம் தெளிந்ததாம். பிள்ளைக்குப் பயத்தைக் குறைத்தது ஆறுதல் வார்த்தையைவிட, அந்த இடம் எப்படி இருக்கும் என்ற விபரம்தான். சுற்றுலா இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னதும் உதவியது. ஒரு கெட்ட செய்தியையும் மறைக்காமல் சொன்னதால், நல்ல செய்தியையும் அவனால் நம்ப முடிந்தது.

மற்றப் பெடியன்களுக்குச் சொல்ல அவனுக்கும் ஒரு வாக்கியம் கொடுத்தோம்: "அத எங்கட அம்மாவும் அப்பாவும் பாக்கிறாங்க." ஒருவருக்கும் சொல்லாதே என்று சொல்லவில்லை. சொல்லாதே என்றால் அது மறுபடியும் ஒரு காவல் வேலை.

ஒரு இடத்தில் தவறிப்போனது. பேச்சு முடிகிற நேரம் தகப்பன் உணர்ச்சிவசப்பட்டு, "அப்பா உயிரக் குடுத்தெண்டாலும் இந்தக் கடனக் கட்டுவன் மனே" என்று சொல்லிவிட்டார். நமக்கு அது ஒரு பேச்சு வழக்கு. ஒன்பது வயதுக்கு அது ஒரு திட்டம். கிழமைக்காசுக் கடனால் உயிரை விட்டவர்களைப் பற்றிய பேச்சு நம் ஊர்களில் பிள்ளைகளின் காதிலும் விழுந்துதான் இருக்கிறது. அடுத்த நாலு நாளும் அவன் தகப்பன் போகிற இடமெல்லாம் பின்னால் போயிருக்கிறான். இரவில் எழும்பித் தகப்பன் பாயில் படுத்திருக்கிறாரா என்று பார்த்திருக்கிறான். செவ்வாய்க்கிழமை பாடசாலைக்கு வந்தான், ஆனால் இடைவேளையில் "அப்பா வேலைக்குப் போய்ட்டு வந்திருவாரா டீச்சர்?" என்று கேட்டான். அந்தக் கேள்வி இல்லாவிட்டால் எனக்கும் தெரிந்திராது. அன்றே தகப்பனைக் கூப்பிட்டுத் தனியாக முதலில் அவருடைய மனநிலையைக் கேட்டேன். அப்படி ஒரு எண்ணம் அவருக்கு உண்மையாகவே இருக்கிறதா என்று நேராகவே கேட்டேன், கேட்காமல் விடக்கூடாத கேள்வி அது. இல்லை என்று தெளிந்த பிறகு, அவரே மகனிடம் போய், "உயிரக் குடுப்பன் எண்டு சொன்னது பிழையான பேச்சு. கஷ்டப்பட்டு வேலை செய்து கட்டுவன் எண்டுதான் அர்த்தம். அப்பா எப்பவும் இருப்பன், வேலை முடிஞ்சு வந்திருவன்" என்று சொன்னார். அதன் பிறகு சில கிழமைக்கு, வேலைக்குப் போகும்போது எந்த ஊர், எத்தனை மணிக்கு வருவது என்று அவனுக்குச் சொல்லிவிட்டே போனார். இரவு எழும்புவது நின்றது. கடனைப் பற்றிப் பிள்ளையோடு பேசும்போது உயிர், சாவு, தெருவுக்கு வருவது, தலை குனிவது போன்ற சொற்களை முன்கூட்டியே விலக்கி வைக்கும்படி இப்போது எல்லாப் பெற்றோருக்கும் சொல்கிறேன்.

மூத்தவளின் விடயம் இவ்வளவு இலகுவாக இருக்கவில்லை. தெரிந்ததைத் தெரியாததாக்க முடியாது, அவளிடமிருந்து மறைக்கத் தொடங்கினால் அதை அவள் தண்டனை என்று எடுத்துக்கொள்வாள். அதனால் தகவலை எடுக்காமல் வேலையை மட்டும் எடுத்தோம். கணக்குக் கொப்பி தகப்பன் கைக்குப் போனது. லோன்காரரின் இலக்கங்கள் அவளுடைய தொலைபேசியிலிருந்து போயின. அடுப்படி அழுகைக்குத் தாய்க்கு வேறு ஒரு காது தேவைப்பட்டது. அவருடைய தமக்கை அடுத்த ஊரில் இருந்தார், வெட்கத்தில் அவரிடம் ஒரு வருடமாகப் பேசாமல் இருந்திருக்கிறார். அந்தக் கதவை முதலில் திறக்கச் சொன்னேன். முதல் லோன் எப்படி வந்தது என்பதைத் தகப்பன் வாயாலேயே அவள் கேட்டாள்: வீடு கட்ட நினைத்தது நாங்கள், எடுத்த முடிவும் எங்களுடையது, நீ கேட்டு எடுத்ததில்லை, உன் படிப்பை நிறுத்திக் கட்டவேண்டிய கடன் இந்த வீட்டில் ஒன்றும் இல்லை. வீட்டு உறுதி இப்போது எங்கே இருக்கிறது, எந்த ஆண்டுக்குள் மீட்கப் பார்க்கிறோம் என்பதையும் சொன்னார்கள். தனக்கென்று வரவேண்டிய வீட்டைப் பற்றி அறிய அவளுக்கு உரிமை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

மத்தியஸ்த சபையில் ஒரு கடனுக்கு மாதம் 5,000 ரூபாய் என்று இணக்கம் வந்தது. மற்றது இன்னும் இழுபடுகிறது. அன்று வீட்டுக்கு வந்ததும் தாய் முதலில் சின்னவனிடம் போய், "மூண்டு பேர் இருந்தாங்க, பேசினம், வந்திட்டன்" என்று சொல்லியிருக்கிறார். அவன் கேட்டது, "அவங்க கரும்பலகையில எழுதினாங்களா?"

அடுத்த தவணையில் செவ்வாய்க்கிழமை வரவு முழுமை, ஒரு நாள் தவிர. அன்று உண்மையாகவே காய்ச்சல். தமிழ்க் கொப்பியில் எழுத்து கோட்டளவுக்கு வந்துவிட்டது. கணக்குக் கொப்பியில் இன்னும் ஒரு கோட்டுக்கு இரண்டு வரிதான். மூத்தவள் பரீட்சைக்கு விண்ணப்பித்துவிட்டாள், கார்மன்ட்ஸ் பேச்சை மட்டும் இன்னும் விடவில்லை. கட்டார் முடிவு தை மாதத்துக்குப் பிறகு என்று தாய் சொல்லியிருக்கிறார். முதலில் அவனுக்குச் சொல்லவேண்டும் என்பது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. பிறகுதான் எனக்குச் சொல்வாராம்.